துவரங்குறிச்சியில் நின்ற லாரியும் ஒரகடத்துக்குச் சொன்ன நேரமும்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் எங்கள் கடையிலிருந்து வெளியூர்த் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் பொறுப்பு என்னுடையது. லாரி வழியில் பழுதாகி நின்றுவிட்டால் வாங்குபவருக்கு எப்போது, என்ன தெரிவிக்க வேண்டும், புதிதாகச் சொல்லும் நேரத்தை எந்தக் கணக்கில் சொல்ல வேண்டும் என்பதை, ஓர் ஐப்பசி மழைக்காலத்தில் நேர்ந்த ஒரு பழுதை வைத்து இங்கே விவரிக்கிறேன்.

சரக்கு ஆர்.எஸ்.எஸ். 4 தரத்துப் புகையூட்டிய ரப்பர் ஷீட். கட்டுக்கு 50 கிலோ வீதம் 180 கட்டுகள், மொத்தம் 9 டன். வாங்கியவர்கள் ஒரகடம் பக்கத்தில் வாகனங்களுக்கான ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையினர். சரக்கு வண்டிகளை அவர்கள் காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரைதான் உள்ளே விடுவார்கள். செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்குக் குலசேகரத்தில் புறப்பட்ட லாரி புதன்கிழமை பிற்பகல் 1 மணிக்குள் வாயிலுக்கு வரும் என்று தெரிவித்திருந்தோம்.

அந்த 1 மணி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழுதுக்குப் பிறகு போட்ட கணக்கும் இதே முறையில் போட்டதுதான். தூரம் சுமார் 700 கிலோமீட்டர். கைபேசி வரைபடம் இதற்குக் காட்டும் நேரம் கார் ஓடும் நேரம். 9 டன் ஏற்றிய லாரிக்கு அது பொருந்தாது. குலசேகரத்திலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவிலைத் தாண்டுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஆரல்வாய்மொழியைக் கடந்து நான்குவழிச் சாலை வந்த பிறகுதான் வண்டி ஒரே சீராக ஓடத் தொடங்கும். சாப்பாடு, டீ, சுங்கச்சாவடி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் வண்டிகளின் சராசரி மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர் வரைதான் வருகிறது. அந்தக் கணக்கில் 19 மணி நேரமும், அதற்கு மேல் எதிர்பாராதவற்றுக்காக 2 மணி நேரமும் சேர்த்துத்தான் பிற்பகல் 1 மணி என்று சொன்னோம். வாங்குபவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “காலையிலேயே வந்துவிட வேண்டுமே” என்று கேட்பது வழக்கமாக இருப்பதால், இந்தச் சராசரியை அவருக்கும் முன்பே சொல்லி வைத்திருந்தேன். பழுதுக்குப் பின் நான் போட்ட கணக்கை அவர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதற்கு அது ஒரு காரணம்.

புதன்கிழமை அதிகாலை 1.30 மணிக்கு, மதுரையையும் கொட்டாம்பட்டியையும் தாண்டித் துவரங்குறிச்சி அருகே லாரி நின்றது. ஓட்டுநர் அழைத்தார். “அண்ணே, இடது பின் வீலுல புகை வருது. கிரீஸ் கருகின வாடை அடிக்குது. வண்டிய ஓரங்கட்டிட்டேன்.” நான் கேட்டவை குறைவு. அவருக்கு ஏதும் ஆகவில்லையே, வண்டி சாலையை விட்டு முழுவதும் இறங்கி நிற்கிறதா, பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைத்தாயிற்றா, மழை பெய்கிறதா, தார்ப்பாய் கட்டு குலையாமல் இருக்கிறதா என்று கேட்டேன். அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லையும் சக்கரத்தையும் தார்ப்பாயையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கல்லின் படம் இருந்தால் மெக்கானிக்குக்கும், தேவைப்பட்டால் மாற்று வண்டிக்காரருக்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியதில்லை. வாங்குபவருக்கும் அதுவே ஆதாரம்.

ஓட்டுநர் கடைசியில், “காலையில மெக்கானிக் வந்தா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிரும்ணே” என்றார். இந்த இரண்டு மணி நேரத்தை வாங்குபவருக்கு அப்படியே தெரிவிப்பதுதான் எங்கள் தொழிலில் மிகப் பரவலான வழக்கம். பெரும்பாலான மனக்கசப்புகளும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. ஓட்டுநர் பொய் சொல்வதில்லை. அவர் சொல்வது பேரிங்கைக் கழற்றி மாட்டும் கைவேலைக்கான நேரம். மெக்கானிக் வந்து சேரும் நேரம், ஏற்றிய வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கும் நேரம், கடை திறந்து உதிரிபாகம் வாங்கி வரும் நேரம், கழற்றிய பிறகு வேறு ஏதேனும் கெட்டிருந்தால் அதற்காகும் நேரம் ஆகிய எவையும் அதில் இல்லை. சக்கரத்தைத் திறந்து பார்க்காமல் ஹப் பழுதுக்கு நேரம் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே, அந்த இரவில் என்னிடம் புதிய நேரம் எதுவும் இல்லை என்பதே உண்மை நிலை.

புதிய நேரம் இல்லாவிட்டாலும் செய்தி போய்ச் சேர வேண்டும். காரணம் எளிமையானது: பிற்பகல் 1 மணிக்குச் சரக்கு வரும் என்று நம்பி, காலையில் கிடங்கில் இறக்குவதற்கு ஆட்களையும் இடத்தையும் ஒதுக்குவார்கள், கலவைப் பிரிவில் அன்றைய திட்டத்தை எழுதுவார்கள். அவை நடப்பதற்கு முன்னால் தகவல் அவர்கள் கையில் இருந்தாக வேண்டும். அதே சமயம், அதிகாலை 2 மணிக்குக் கொள்முதல் அலுவலரைத் தொலைபேசியில் எழுப்புவதால் அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. இரவு ஷிப்டே அந்தச் சரக்குக்காகக் காத்திருக்கிறது என்றால் எழுப்பத்தான் வேண்டும். இங்கே அப்படி இல்லை. எனவே 2.15 மணிக்கு அவருக்கும், கிடங்குப் பொறுப்பாளருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி, அதையே மின்னஞ்சலிலும் போட்டேன்.

“வணக்கம் ஐயா. உங்களுக்கு 180 கட்டு ஷீட் ஏற்றி வரும் லாரி, இன்று புதன்கிழமை அதிகாலை 1.30 மணிக்குத் துவரங்குறிச்சி அருகே பின்சக்கரப் பழுதால் நின்றுவிட்டது. ஓட்டுநர் நலமாக இருக்கிறார். சரக்கு நனையாமல் தார்ப்பாய்க்குள் இருக்கிறது, படங்களை இணைத்துள்ளேன். சொல்லியிருந்தபடி இன்று பிற்பகல் 1 மணிக்கு வண்டி வராது. காலையில் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த பிறகே புதிய நேரத்தைச் சொல்ல முடியும். 8.30 மணிக்கு நானே அழைக்கிறேன். உங்கள் கையிருப்பு எதுவரை தாங்கும் என்று அதற்குள் தெரிவித்தால் அதற்கேற்ப ஏற்பாடு செய்ய உதவியாக இருக்கும்.”

இந்தச் செய்தியில் நான் மிகவும் கவனமாக எழுதிய வரி, “இன்று பிற்பகல் 1 மணிக்கு வண்டி வராது” என்பது. “சற்றுத் தாமதமாகலாம்” என்று எழுதியிருந்தால், படிப்பவர் மாலை 3 மணிக்குள் வந்துவிடக்கூடும் என்று எண்ணிக்கொண்டு இறக்கும் ஆட்களை நிறுத்தி வைத்திருப்பார். எது இனி நடக்காது என்பது உறுதியாகத் தெரிந்துவிட்டால், அதை உறுதியாகவே சொல்லிவிட வேண்டும். வாங்குபவர் தம் திட்டத்தை மாற்றுவதற்கு அது ஒன்றே போதும். அடுத்து எப்போது அழைப்பேன் என்ற நேரத்தையும் குறித்தேன். பழுது தீருமோ தீராதோ, அந்த நேரத்தில் அழைப்பது மட்டும் என் கையில் இருக்கிறது. அந்த அழைப்பு வரும் என்று தெரிந்தால், இடையில் பத்து முறை “என்ன ஆயிற்று” என்று கேட்டு அவரும் அழைக்க மாட்டார், ஓட்டுநரையும் நேரடியாகப் பிடித்து நெருக்க மாட்டார். வாடகை யார் தலையில், தாமதத்துக்குக் கழிவு உண்டா என்ற பேச்சுகளை முதல் செய்தியில் எழுதவே கூடாது என்பது என் கருத்து. அவை பிறகு பேச வேண்டியவை. முன்னதாக நுழைந்தால் வண்டியைப் பற்றிய பேச்சு நின்றுபோய்விடும்.

காலை 6.45 மணிக்குக் கொள்முதல் அலுவலரின் பதில் வந்தது. கையிலிருக்கும் ஷீட் வியாழக்கிழமை முதல் ஷிப்ட் முடியும் வரை ஓடும், பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும் இரண்டாவது ஷிப்டுக்குப் புதிய சரக்கு வேண்டும், தரச் சோதனைக்கும் இறக்குவதற்கும் மூன்று மணி நேரம் பிடிக்கும் என்று எழுதியிருந்தார். அதாவது, வியாழக்கிழமை காலை 11 மணிக்குள் வண்டி வாயிலில் நின்றால் அவர்களுக்கு உற்பத்தி இழப்பு இல்லை. இந்த 11 மணி தெரிந்ததும் என் வேலை பாதி எளிதாகிவிட்டது. “எவ்வளவு சீக்கிரம் அனுப்ப முடியும்” என்று குழம்புவதற்குப் பதிலாக, “வியாழன் 11 மணிக்குள் கொண்டு சேர்க்கும் வழி எது” என்று மட்டும் பார்த்தால் போதும். இந்தக் கேள்வியை வாங்குபவரிடம் பலர் கேட்பதே இல்லை. கேட்டால் அவருடைய கோபத்தைக் கிளறிவிடுவோம் என்று அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில் கோபம் வருவது கேட்பதனால் அல்ல. அவருடைய தேவை தெரியாமல் நாமாகவே ஒரு நேரத்தைச் சொல்லும்போதுதான்.

மெக்கானிக் 6.30 மணிக்கே வந்துவிட்டார். பின்சக்கர ஹப்பில் பேரிங் சூடேறிப் புகைவதற்கு வழக்கமாகச் சில காரணங்கள் உண்டு: ஆயில் சீல் கசிந்து கிரீஸ் வெளியேறியிருக்கும், அல்லது முன்பு பூட்டியபோது லாக் நட்டை மிகையாக இறுக்கியிருப்பார்கள், அல்லது பேரிங்கே தேய்ந்திருக்கும். பேரிங் மட்டும் கெட்டிருந்தால் துவரங்குறிச்சியிலோ திருச்சியிலோ வாங்கி மாட்டி, மதியத்துக்குள் வண்டி புறப்பட்டுவிடும். ஆனால் சூடு மிகுந்து பேரிங்கின் உள்வளையம் அது உட்கார்ந்திருக்கும் அச்சு முனையின் மேல் உரசிச் சுற்றியிருந்தால் அந்த முனை வரிவரியாகக் கீறிவிடும். புதிய பேரிங் அதில் நிற்காது. 8 மணிக்குச் சக்கரத்தைக் கழற்றியபோது நாங்கள் கண்டது இந்த இரண்டாவது நிலையைத்தான். முனையை வெல்டிங் வைத்து லேத்தில் கடைய வேண்டும், அல்லது அந்த முனை அமைந்திருக்கும் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். எப்படிச் செய்தாலும் சுமையை இறக்கியாக வேண்டும். வியாழக்கிழமை மாலைக்கு முன் முடியாது என்று மெக்கானிக் சொன்னார். உரையாடலில் அவரிடம் நான் கேட்ட ஒரே கூடுதல் கேள்வி, “எல்லாம் சரியாக நடந்தால் வியாழன் மாலையா, ஏதாவது இடறினால் எப்போது?” என்பது. “இடறினா வெள்ளி மத்தியானம்” என்றார். இப்படி இரண்டு எல்லைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டால் ஒரே ஒரு நேரத்தின் மேல் எல்லாவற்றையும் கட்டி வைக்கும் ஆபத்து இல்லை.

இனிக் கணக்கு. பழுது பார்த்துவிட்டு அதே வண்டி போவதென்றால், வியாழன் மாலை புறப்பட்டாலும் வெள்ளி காலை 9 மணிக்குத்தான் உள்ளே போகும். 11 மணி என்ற எல்லையை ஏறத்தாழ ஒரு முழு நாள் தாண்டிவிடுகிறது. மாற்று வண்டியில் சரக்கை மாற்றுவதென்றால், துவரங்குறிச்சியிலிருந்து ஒரகடம் வரை மீதி சுமார் 370 கிலோமீட்டர். மணிக்கு 37 என்று வைத்தால் 10 மணி நேரம், ஓட்டுநர் தூங்கி ஓய்வெடுக்க 2 மணி நேரம், ஆக 12 மணி நேரம். வாயில் காலை 9 மணிக்குத் திறப்பதால், அதற்குள் அங்கே நிற்க வேண்டுமானால் வண்டி புதன் இரவு 9 மணிக்குள் புறப்பட வேண்டும். கூடுதல் இடைவெளியாக ஒரு மணி நேரம் விட்டு 8 மணி என்று வைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்று வண்டி பிற்பகல் 3 மணிக்குப் புறப்பட்டாலும், இரவு 8 மணிக்குப் புறப்பட்டாலும், வாங்குபவருக்குச் சரக்கு உள்ளே போகும் நேரம் ஒன்றுதான்: வியாழன் காலை 9 மணி. வண்டி அதிகாலை 3 மணிக்கே போய் நின்றால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அதனால் அவருக்குச் சொல்ல வேண்டியது வண்டி ஒரகடத்தைத் தொடும் நேரம் அல்ல, வாயிலுக்குள் நுழையும் நேரம். இப்படிக் கணக்கிட்டபோது, சரக்கு மாற்றுவதில் எனக்கு ஐந்து மணி நேரத் தளர்வு கிடைத்தது. மழைக்காலத்தில் ஷீட்டை மாற்றி ஏற்றுபவருக்கு அந்தத் தளர்வு அவசியம்.

8.30 மணிக்குச் சொன்னபடி அழைத்தேன். தொழிற்சாலை அலுவலர் முதலில் கேட்டது, “அதே வண்டியில் நாளைக்கு வராதா சார்?” என்பது. வராது என்றும், ஏன் என்றும் இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். மெக்கானிக் விளக்கிய எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. பேரிங் இருக்கும் அச்சு முனை கெட்டுவிட்டது, லேத் வேலை இருக்கிறது என்பது போதும். மாற்று வண்டிக்கு ஏற்பாடு செய்திருப்பதையும், வியாழன் காலை 9 மணி என்பது இப்போதைய மதிப்பீடு என்பதையும், மாற்று வண்டி வந்து நின்றதும் அதை உறுதி செய்வேன் என்பதையும் சொன்னேன். மாற்று வண்டி திருச்சியிலிருந்து 11.45 மணிக்கு வந்தது. அதன் பிறகுதான் எழுத்தில் இரண்டாவது செய்தியை அனுப்பினேன்.

“ஐயா, காலையில் பேசியதன் தொடர்ச்சி. பழுதான லாரியைச் சரிசெய்ய நாளை மாலை வரை ஆகும் என்பதால் சரக்கை வேறு லாரிக்கு மாற்றுகிறோம். மாற்று லாரி வந்துவிட்டது. அதன் எண்ணையும், ஓட்டுநரின் பெயரையும் கைபேசி எண்ணையும் கீழே தருகிறேன். வியாழக்கிழமை காலை 9 மணிக்கு உங்கள் வாயிலில் நிற்கும் என்று எதிர்பார்க்கிறோம். வண்டி இன்று இரவு 8 மணிக்குள் புறப்பட்டால் இந்த நேரம் மாறாது. அதற்குள் புறப்பட முடியாவிட்டால் 8 மணிக்கே தெரிவிப்பேன். விலைச்சீட்டில் பழைய வண்டி எண் இருக்கும்; மின்வழிச் சீட்டில் புதிய எண் பதியப்படும். காவலர் அறைக்கும் இந்த எண் மாற்றத்தைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

நேரத்தோடு அதன் நிபந்தனையையும் சேர்த்துச் சொன்னது வேண்டுமென்றே செய்தது. “நாளை காலை வந்துவிடும்” என்று மட்டும் சொன்னால், மாலையில் மழை பிடித்து வேலை நிற்கும்போது அவருக்கு எதுவும் தெரியாது. 8 மணி என்ற எல்லை அவருக்கும் தெரிந்திருப்பதால், அந்த நேரம் வரை செய்தி இல்லையென்றால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்ளலாம்.

காவலர் அறையைப் பற்றி எழுதியது சிறிய விஷயமாகத் தோன்றலாம். கொள்முதல் பிரிவுக்குத் தெரிந்தது வாயிலில் நிற்கும் காவலருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணக் கூடாது. அவரிடம் இருக்கும் பட்டியலில் பழைய எண் இருக்கும். வந்து நிற்பதோ வேறு எண். சரக்கு நேரத்துக்கு வந்தும் காகிதம் ஒத்துப்போகவில்லை என்று வெளியே நிறுத்தப்பட்டால், அத்தனை கணக்கும் வீண்.

மின்வழிச் சீட்டில், அதாவது இ-வே பில்லில், செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனால் அதைச் செய்யாமல் வண்டியை நகர்த்தவே கூடாது. சரக்கு ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறும்போது, அதன் பகுதி ‘பி’யில் புதிய வண்டி எண்ணைப் பதிந்த பிறகே பயணம் தொடர வேண்டும், மாற்றத்துக்கான காரணமாகப் பழுது என்பதைக் குறிக்கலாம். எங்கள் லாரி அலுவலகம் அந்தச் சீட்டில் போக்குவரத்தாளராகப் பதிவாகியிருந்ததால் அவர்களே பதிந்தார்கள். அதே வண்டி பழுது நீங்கிப் போயிருந்தால் இது தேவைப்பட்டிருக்காது. செல்லுபடிக் காலத்தைப் பொறுத்தவரை எங்களுக்குக் கவலையில்லை: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் 700 கிலோமீட்டருக்கு நான்கு நாள் கிடைக்கிறது. செவ்வாயன்று எடுத்த சீட்டுக்கு முதல் நாள் என்பது புதன் நள்ளிரவில்தான் முடிகிறது, ஆகவே சனி நள்ளிரவு வரை அது செல்லும். குறுகிய தூரத்துக்கு அனுப்புபவர்கள்தான் இதில் விழிப்பாக இருக்க வேண்டும். திருநெல்வேலிக்கோ கோவில்பட்டிக்கோ போகும் சரக்குக்கு ஒரே நாள்தான். வண்டி ஒரு நாள் நின்றாலே சீட்டு காலாவதியாகிவிடும். காலாவதியாவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து 8 மணி நேரம் பின்பு வரை மட்டுமே அதை நீட்டிக்க முடியும் என்பதால், புதிய வருகை நேரத்தைக் கணக்கிடும்போதே சீட்டு அதுவரை தாங்குமா என்று பார்த்துவிட வேண்டும்.

எடையையும் எண்ணிக்கையையும் பற்றி வாங்குபவர் கேட்பதற்கு முன்பே நாம் ஏற்பாடு செய்திருப்பது நல்லது. ரோட்டோரத்தில் இருட்டிலோ மழையிலோ கைமாறிய சரக்கில் ஒரு கட்டு குறைந்தாலும், யார் பொறுப்பு என்று பின்னால் தீர்க்க முடியாது. மாற்று லாரி காலியாக வரும்போதே நெடுஞ்சாலையிலுள்ள எடைமேடையில் எடை போடச் சொல்லியிருந்தேன். காலி எடை இல்லாவிட்டால் ஏற்றிய பிறகு எடுக்கும் எடையால் பயன் இல்லை. ஏற்றி முடித்தபின் மறுபடி எடை போட்டு, இரு சீட்டுகளையும் படம் எடுத்து அனுப்பினேன். குலசேகரத்தில் எடுத்த எடைக்கும் இதற்கும் 10 கிலோ வித்தியாசம் இருந்தது. இரண்டு எடைமேடைகளுக்கு இடையே அவ்வளவு இருப்பது இயல்பு.

எங்கள் ஓட்டுநர் ஒரு நோட்டில் பத்துப் பத்தாகக் கோடு போட்டு எண்ணினார். 180 கட்டும் சரியாக இருந்தது. மூன்று கட்டுகளின் கயிறு அறுந்திருந்தது, கட்டிவிட்டோம். 2 மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. ஷீட் நனைந்து காற்று புகாமல் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், தரச் சோதனையில் தள்ளுபடியாகும் என்பதால், மழை நிற்கும் வரை வேலையை நிறுத்தச் சொன்னேன். இரண்டு லாரிகளுக்கும் இடையே தார்ப்பாயைக் கூரையாகப் பிடித்தாலும் சாரல் அடித்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணானது. இருந்தும் நேரம் இறுகவில்லை; 5.30 மணிக்கு ஏற்றி முடிந்து, 6.10 மணிக்கு வண்டி புறப்பட்டது.

புறப்பட்டதும் அனுப்பிய செய்தி சுருக்கமானது. புறப்பட்ட நேரம், 180 கட்டு என்ற எண்ணிக்கை, எடைச் சீட்டுகள், அறுந்து கட்டப்பட்ட மூன்று கட்டுகளின் படம், வியாழன் காலை 9 மணி என்ற நேரத்தில் மாற்றம் இல்லை என்பது. அறுந்த கட்டுகளைச் சொல்லாமல் விட்டிருந்தால் இறக்கும்போது கண்டுபிடித்திருப்பார்கள். அப்போது சொல்லும் விளக்கம் சமாளிப்பாகத்தான் ஒலிக்கும். வண்டி இருக்குமிடத்தைக் கைபேசியில் நேரடியாகக் காட்டும் இணைப்பை அனுப்பலாமா என்று லாரி அலுவலகத்தில் கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். ஓட்டுநர் விழுப்புரம் தாண்டி இரண்டு மணி நேரம் தூங்கினால், வாங்குபவர் திரையில் வண்டி அசையாமல் நிற்பதைப் பார்த்து மீண்டும் பழுதென்று பதறுவார். அந்தத் தூக்கம் என் கணக்கில் இருக்கிறது. அவர் கண்ணுக்கு அது தெரியாது.

லாரி அதிகாலையில் செங்கல்பட்டு தாண்டி, சிங்கப்பெருமாள்கோவிலில் ஒரகடம் சாலைக்குத் திரும்பும் முன் ஓரமாக நின்று ஓய்வெடுத்தது. 8.40 மணிக்கு வாயிலில் வரிசையில் நின்று, 9.15 மணிக்கு உள்ளே போனது. புதிய எண் காவலரிடம் எழுதப்பட்டிருந்தது. மதியத்துக்கு முன்பே தரச் சோதனை முடிந்துவிட்டதாக அலுவலர் தெரிவித்தார்.

இந்த முறை எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது. ஷீட்டுக்கு ஒரு நாள் தாமதம் என்பது உற்பத்தித் திட்டத்தின் சிக்கல் மட்டுமே, சரக்கு கெட்டுப்போவதில்லை. தோவாளையிலிருந்து பூ ஏற்றிப் போகும் வண்டி அதிகாலைச் சந்தையைத் தவறவிட்டால், “11 மணிக்கு வரும்” என்று சொல்வதில் வாங்குபவருக்கு லாபமே இல்லை. அங்கே கேட்க வேண்டியது, அவருக்கு இன்னும் அந்தப் பூ வேண்டுமா, அல்லது வண்டி நின்ற இடத்துக்கு அருகிலுள்ள சந்தையில் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடலாமா என்பது. மீனும் அப்படித்தான், ஐஸ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அங்கே எல்லை, வாயில் திறக்கும் நேரம் அல்ல. செவ்வாழையும் ஏத்தன் வாழையும் நடுவில் நிற்பவை. காயாக வெட்டியிருந்தால் ஒரு நாள் பொறுக்கலாம், நிறம் திரும்பிவிட்டால் பொறுக்காது. தாரின் நிலையை ஓட்டுநரிடம் கேட்டுவிட்டுத்தான் நேரம் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை கொள்முதல் அலுவலர் தம் கோப்புக்காக ஒரு கடிதம் கேட்டார். எங்கள் கடையின் தாளில், பழுது ஏற்பட்ட நாளும் நேரமும் இடமும், இரண்டு வண்டி எண்களும், சரக்கு மாற்றப்பட்ட நேரமும், கட்டுகளின் எண்ணிக்கையும், சரக்கு உள்ளே போன நேரமும் எழுதி, மெக்கானிக்கின் ரசீது நகலையும் எடைச் சீட்டு நகல்களையும் இணைத்து முத்திரையிட்டு அனுப்பினேன். மாற்று லாரிக்கான கூடுதல் வாடகையை எங்களுக்கும் லாரி அலுவலகத்துக்கும் இடையே பேசிப் பங்கிட்டுக்கொண்டோம். அந்தப் பேச்சு அந்தக் கடிதத்தில் இல்லை.